ஐஸ் நறநறக்காத குல்ஃபி: பாலை எந்த இடத்தில் நிறுத்துவது

இந்த முறை குல்ஃபியைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. அச்சின் சுவரிலிருந்து உள்ளே நீளும் அந்தக் கண்ணாடி ஊசிகள் ஒன்றுகூட இல்லை. வழக்கமாக நடுப்பகுதியில்தான் ஐஸ் பெரிதாக இருக்கும். அங்கேதான் குளிர் கடைசியாகப் போய்ச் சேர்கிறது. நடுவிலேயே வழவழப்பு வந்துவிட்டது என்றால் செய்முறை கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

ஐஸ்கிரீமை உறையும்போதே கடைந்துகொண்டே இருப்பார்கள். குல்ஃபியை யாரும் கடைவதில்லை. அச்சில் ஊற்றி மூடி வைத்தால் அதுபாட்டுக்கு உறைய வேண்டியதுதான். ஆகவே தண்ணீர் விஷயத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் அடுப்பிலேயே செய்து முடித்தாக வேண்டும். சுண்டக் காய்ச்சுவது தண்ணீரை வெளியேற்றும். மாவு, மிச்சமிருக்கும் தண்ணீரை நகரவிடாமல் பிடித்து வைக்கும். இரண்டும் வேறு வேறு வேலைகள். முதல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவதால் ஈடுகட்டப் பார்த்தால் கிடைப்பது உறைந்த கூழ்.

நான் எடுத்தது ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 2 லிட்டர். 6 சதவீதம் கொழுப்பு, 9 சதவீதம் மற்ற திடப்பொருள். இரண்டு லிட்டர் பால் ஏறக்குறைய 2,060 கிராம் எடை வரும். அதில் 310 கிராம்தான் சரக்கு, மீதி எல்லாம் தண்ணீர்.

இப்போது நான் மணிக்கணக்கில் மல்லாடிய இடத்துக்கு வருகிறேன். எல்லாக் குறிப்புகளிலும் "பால் பாதியாகச் சுண்டும் வரை" என்றோ "மூன்றில் ஒரு பங்காகும் வரை" என்றோ இருக்கும். அகலமான பாத்திரத்தில் கண்ணால் பார்த்துப் பாதியைச் சொல்லவே முடியாது. வாணலி என்றால் இன்னும் மோசம், மேலே அகலம், கீழே குறுகல். நுரை அடங்கினால் ஒரு அளவு, பொங்கினால் வேறு அளவு. அதனால் கண்ணை நம்புவதை விட்டுவிட்டுத் தராசை நம்ப ஆரம்பித்தேன்.

காலிப் பாத்திரத்தை முதலில் எடை போட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என்னுடைய அடிகனமான பாத்திரம் 1,340 கிராம். பால் 840 கிராமுக்கு வர வேண்டும், அதாவது ஆரம்ப எடையில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் 2,180. தராசில் ஒரு மரப்பலகையை வைத்து, அதன் எடையை பூஜ்ஜியமாக்கிவிட்டு, சூடான பாத்திரத்தை அதன்மேல் தூக்கி வைக்கிறேன். ஒரு மணி நேரம் கழிந்த பிறகு அவ்வப்போது பார்த்தால் போதும். கரண்டியை வெளியே எடுத்து, அதில் ஒட்டியதைப் பாத்திரத்திலேயே வழித்துவிட்டு அளக்க வேண்டும். பார்க்க அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கம் செய்ததை வேறு எதுவும் செய்யவில்லை.

ஏன் 40, ஏன் இன்னும் கொஞ்சம் சுண்டவிடக் கூடாது? நானும் அப்படித்தான் நினைத்தேன், தண்ணீர் குறையக் குறைய நல்லதுதானே என்று. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் நாக்கில் வேறொரு நறநறப்பு வரும். அது ஐஸ் இல்லை, பாலிலேயே இருக்கிற லாக்டோஸ் சர்க்கரை. அது குளிர்ந்த தண்ணீரில் அதிகம் கரையாது. தண்ணீர் குறைந்து குளிரும் ஏறினால், நாள்பட மணல் மாதிரி பிரிந்து நிற்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு துண்டை நாக்கில் வைத்து மேலண்ணத்தில் அழுத்துங்கள். உடனே கரைந்து தண்ணீராகப் போனால் ஐஸ். குல்ஃபி முழுக்கக் கரைந்த பிறகும் நுண்ணிய மணல் மிஞ்சினால் லாக்டோஸ். முதலாவதுக்கு மருந்து இன்னும் சுண்டவைப்பது, இரண்டாவதுக்கு முன்கூட்டியே நிறுத்துவது. நோயை மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்தே விஷமாகிவிடும்.

பால் பவுடரை அள்ளிப் போடும் குறுக்குவழியில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். கொழுப்பு நீக்கிய பவுடரில் பாதியளவு லாக்டோஸ்தான். கெட்டியாகும், கூடவே மணலும் வரும். நீல பாக்கெட் பாலிலும் இதே தொல்லை. அதில் கொழுப்பு 3 சதவீதம்தான். ஆரஞ்சு பாலின் கெட்டிக்கு அதைக் கொண்டுவர 640 கிராம் வரை சுண்டவைக்க வேண்டியிருக்கும், அதற்குள் லாக்டோஸ் எகிறிவிடும். பாலில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

காய்ச்சும் விதம் உங்களுக்கே தெரியும். ஒரு கொதி வந்ததும் சிம்மில் வைத்து, ஓரத்தில் படியும் ஆடையை வழித்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 2 லிட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அடியைச் சுரண்ட நுனி தட்டையான மரக்கரண்டிதான் வசதி, குழிக்கரண்டியால் மூலைக்குப் போக முடியாது. தீயைக் கூட்டினால் நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பால் கெட்டியாகும் கடைசி இருபது நிமிடத்தில் அடிப்பிடித்தால் அந்தக் கருகல் வாசம் ஏலக்காய்க்கெல்லாம் அடங்காது. மெதுவாகக் காய்ச்சுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நீண்ட நேரச் சூட்டில் பாலின் புரதங்கள் தங்கள் உருவம் மாறி அதிகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த இளம் பழுப்பு நிறமும் காய்ச்சிய மணமும் அப்போதுதான் வரும்.

அடுத்தது மாவு. 840 கிராம் சுண்டிய பாலுக்கு 10 கிராம், அவ்வளவுதான். நிரவிய மூன்று சிறுகரண்டி அளவு. தனியாக எடுத்து வைத்த ஆறிய பால் கொஞ்சத்தில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக்கொண்டே ஊற்ற வேண்டும். முக்கியமான விஷயம், இதைச் சர்க்கரை போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். சர்க்கரையும் மாவும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடும். சர்க்கரை முதலில் உள்ளே போய்விட்டால் மாவு வேகவும் உப்பவும் அதிக நேரம் எடுக்கும், பச்சை வாசமும் போகாது. மாவு ஊற்றியபின் மூன்று நான்கு நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோட்டின் கரை கலையாமல் நிற்க வேண்டும். அப்புறம் 120 கிராம் சர்க்கரை. இதற்குக் கீழே போனால் கல் மாதிரி உறையும். மிகவும் கூட்டினால் வெளியே எடுத்த கையோடு அச்சிலேயே இளகும்.

எந்த மாவு என்பதில் எனக்கு இப்போது ஒரு கட்சி உண்டு. சோள மாவு நல்ல மாவுதான், முதல் இரண்டு மூன்று நாளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கொஞ்சம் இளகி மறுபடி உறைந்தால் பிடித்து வைத்த தண்ணீரைக் கக்கிவிடும். மின்வெட்டு, அடிக்கடி ஃப்ரீசரைத் திறப்பது என்றெல்லாம் இருக்கிற நம் வீடுகளில் இது நிச்சயம் நடக்கும். ஆரோரூட் பாலோடு சேர்ந்தால் ஒருவித வழுக்கல், எனக்கு ஆகவில்லை. ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாகப் பொடித்து, மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்தினேன். ஜவ்வரிசியில் இருக்கும் மரவள்ளி மாவுச்சத்து இந்த உறைதலையும் இளகலையும் சோள மாவைவிட நன்றாகத் தாங்குகிறது. ஒரு வாரம் கழித்து வெட்டியதும் வழவழப்பாகவே இருந்தது. சேலத்து ஜவ்வரிசியாகப் பார்த்து வாங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. ரொம்ப வெள்ளையாகப் பளபளப்பதைவிட, லேசாக மங்கலாக இருப்பதைத்தான் எங்கள் மளிகைக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

அடுப்பிலிருந்து இறக்கியதும் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வைக்கிறேன். காலையில் இன்னும் கெட்டியாக இருக்கும். வெதுவெதுப்பாக ஊற்றினால் உறைய நேரமெடுக்கும், நேரம் கிடைத்தால் ஐஸ் வளரும். ஏற்கனவே சில்லென்றிருக்கும் கலவைக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

அச்சு அலுமினியமாகவும் ஒல்லியாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் அச்சில் அதே கலவையை ஊற்றிப் பார்த்ததில் நடுவில் ஊசிகள் தெரிந்தன. 60 மில்லி அளவில் மூடியோடு கிடைக்கும் கூம்பு அச்சுகள் பெரிய பாத்திரக்கடைகளில் இருக்கின்றன. இந்த அளவுக்கு பதினைந்து அச்சு நிரம்பும். இணையத்தில் வாங்கியவற்றின் மூடி சரியாக உட்காரவில்லை, கையில் எடுத்துத் திருகிப் பார்த்து வாங்குவதே மேல். ஃப்ரீசரின் கதவோரத்தில் வைக்காமல், உள்ளே அடியில் தகட்டை ஒட்டி வைக்க வேண்டும்.

இதற்கு அடுத்த கட்டமாக, டில்லிப் பக்கத்து மட்கா குல்ஃபிக்காரர்கள் செய்கிற மாதிரி பானை முறையில் இறங்கப் போகிறேன். பானையில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல் உப்பு ஒரு பங்கு. அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கக்கூடியது. அதைவிட முக்கியம், குளிர்ந்த உப்புநீர் அச்சை எல்லாப் பக்கமும் தொடும். ஃப்ரீசரில் அச்சைச் சுற்றி இருப்பது காற்றுதான், அது குளிரைக் கடத்துவதில் சோம்பேறி. அச்சின் வாயைக் கோதுமை மாவுப் பிசையலால் அடைத்துப் பானையில் புதைத்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடைப்பில் துளி ஓட்டை இருந்தாலும் உப்புநீர் உள்ளே போய்விடும் என்பதால், மாவை எவ்வளவு இறுக்கமாகப் பிசைவது என்று முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிய அச்சுகளை வைத்துப் பழக வேண்டும். மண்பானை வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். ஐஸ் கட்டிக்கு மீன் மார்க்கெட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாம்பழக் குல்ஃபி கேட்டு வீட்டில் நச்சரிப்பு வேறு. பங்கனபள்ளி விழுதில் எக்கச்சக்கத் தண்ணீர். சும்மா கலந்தால் இத்தனை நேரம் காய்ச்சியதெல்லாம் வீண். விழுதைத் தனியே அல்வா பதத்துக்குக் கிளறி, நன்றாக ஆறவைத்து, குளிர்ந்த பாலில்தான் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் புளிப்பில் பால் திரியும். அதற்கும் தராசுதான். ஒரு கிலோ விழுதை எவ்வளவுக்கு இறக்கினால் மணம் கெடாமல் இருக்கும் என்பதை இந்த சீசன் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும். யாராவது ஏற்கனவே எடை போட்டுப் பார்த்திருந்தால் அந்த அளவைச் சொல்லுங்கள்.