எண்பதாவது கிலோமீட்டரில் நடுங்கிய கேபின்

ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கான சிமுலேட்டர் ஒன்றை யூனிட்டியில் உருவாக்கியபோது, வழித்தடத்தின் முதல் நிலையத்தையே ஆதிப்புள்ளியாக வைத்திருந்தோம். அறுபது கிலோமீட்டரைத் தாண்டியதும் கேபினுக்குள் இருந்த மீட்டர்களின் விளிம்புகள் துடிக்கத் தொடங்கின. எண்பதில் பிரேக் கைப்பிடியே கூழ்போல் நெளிந்தது. முதலில் இதை இரு பரப்புகள் ஒன்றோடொன்று மோதி மினுங்கும் ஆழச் சிக்கல் என்று நினைத்தேன். ஆனால் அது பெரும்பாலும் தொலைவில் தெரிவது. இதுவோ கண்ணுக்கு மிக அருகில் இருந்தவற்றைத்தான் அதிகம் தாக்கியது. அதே கேபினை ஆதிப்புள்ளிக்குக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தபோது எந்த நடுக்கமும் இல்லை.

காரணம் எளிது. 32 பிட் ஃப்ளோட் எண்ணுக்கு 24 பிட் துல்லியம்தான் உண்டு. 65,536 மீட்டருக்கும் 1,31,072 மீட்டருக்கும் இடையில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 7.8 மில்லிமீட்டர். ஒவ்வொரு வெர்டெக்ஸும் தனித்தனியே அந்தப் படிகளில் ஒன்றுக்கு ஒதுங்குவதால், கேமரா நகர நகர வடிவம் நெளிகிறது.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. எண்பதாவது கிலோமீட்டரில் உள்ள நிலையத்துக்குள் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்த ரயில், வேகமானி ஓடிக்கொண்டிருந்தபோதே அசையாமல் நின்றுவிட்டது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமில் அது கடக்க வேண்டியது 3.3 மில்லிமீட்டர், அது படியின் பாதியைவிடக் குறைவு என்பதால், கூட்டிய ஒவ்வொரு முறையும் விடை பழைய இடத்துக்கே உருண்டது.

கேமரா 2,048 மீட்டரைத் தாண்டும்போதெல்லாம் உலகம் முழுவதையும் பின்னுக்கு இழுத்து, கேமராவை மறுபடி ஆதிப்புள்ளிக்கு அருகே வைக்கும் மிதக்கும் ஆதிப்புள்ளியைச் சேர்த்தேன். மீட்டர்களின் துடிப்பு நின்றது. ஆனால் தண்டவாளத் துண்டுகளின் இணைப்புகளில் சிறு பிளவுகள் அப்படியே இருந்தன. அவற்றின் இடங்களை ஃப்ளோட்டாகவே சேமித்திருந்தோம். ஏற்கெனவே இழந்த பிட்டுகளை இடமாற்றம் மீட்டுத் தராது. ஆகவே உண்மையான இடத்தை டபுளில் வைத்து, கழித்தலையும் டபுளிலேயே செய்து, கடைசியில்தான் ஃப்ளோட்டாகச் சுருக்கினோம்:

```csharp
float3 local = (float3)(truePos - origin);
```

சுருக்கிவிட்டுக் கழித்தால் பயனில்லை; இந்த வரிசைதான் தீர்வின் உயிர்.

இடமாற்றமும் சில தடயங்களை விட்டது. உலக ஆயங்களில் ஓடிய எஞ்சின் புகை அந்த ஃபிரேமில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்ததால், அதன் துகள்களையும் கையால் நகர்த்த வேண்டியிருந்தது. ஏரியின் அலைகள் உலக இடத்தைக் கொண்டே கணக்கிடப்பட்டதால் சட்டென்று தாவின. ஆதிப்புள்ளியை எப்போதும் 1,024 மீட்டரின் மடங்குகளிலேயே நகர்த்தி, அலைநீளங்களை அதை மீதியின்றி வகுக்கும்படி அமைத்ததும் தாவல் மறைந்தது. இப்போது ஒவ்வொரு பில்டையும் கடைசி நிலையத்திலிருந்து தொடங்கி, முதலில் நொடிக்கு 20 சென்டிமீட்டரில் ஊர்ந்து பார்க்கிறோம்.