ஒரு சுண்ணாம்பு, நான்கு பெயர்கள்

காரைக்குடியில் ஒரு சிறிய மொழிபெயர்ப்புக் குழுவை ஒருங்கிணைக்கும் வேலை என்னுடையது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது குறித்த ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி எங்களிடம் வந்தபோது, அதை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒருவர் தேவகோட்டையிலும் ஒருவர் புதுவயலிலும் இருவர் காரைக்குடியிலும் இருந்ததால், எல்லோரும் ஒரே கூகுள் விரிதாளில் வேலை செய்தோம். முதல் பத்தியில் வரிசை எண், இரண்டாவதில் ஆங்கில வாக்கியம், மூன்றாவதில் தமிழ், நான்காவதில் மொழிபெயர்த்தவரின் பெயரின் முதலெழுத்து என்று அமைத்திருந்தோம். மொத்தம் 1,860 வரிசைகள். சொற்பட்டியல் ஒன்று வேண்டும் என்று தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும், வேலை ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

பாதி வேலை முடிந்த நிலையில், ஏழாம் அத்தியாயத்தை ஒரு மேஸ்திரி அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். கானாடுகாத்தானில் பல வீடுகளின் சுவர்களுக்கு முட்டைவெள்ளையும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய அனுபவம் உள்ளவர். "சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்க்கவும்" என்ற வரியில் என்னை நிறுத்தினார். "எந்தச் சுண்ணாம்பும்மா? சூளையில இருந்து வந்த கல்லா, நீத்த பொடியா, தொட்டியில ஊறப்போட்ட விழுதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து விரிதாளைத் திறந்து பார்த்தபோது, ஆங்கில மூலத்தில் லைம் புட்டி என்று தெளிவாக இருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அதே சொல் 'சுண்ணாம்பு விழுது' என்று சரியாக வந்திருந்தது. ஏழாம் அத்தியாயத்தை மொழிபெயர்த்தவர், இடம் தெரிந்துதானே படிக்கிறார்கள் என்று நினைத்து வெறும் சுண்ணாம்பு என்று விட்டிருந்தார்.

இது நடையழகு சார்ந்த பிழை அன்று. சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பின் மீது தண்ணீர் பட்டால் தண்ணீரே கொதிக்கும் அளவுக்குச் சூடு எழும். கண்ணிலோ தோலிலோ தெறித்தால் பலத்த காயம் உண்டாகும். நீரில் நீற்றிய பிறகு அந்த வேகம் அடங்கிவிடுகிறது. அதையே நீருக்கடியில் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், ஊறவிட்டால் கிடைப்பது வெண்ணெய் போன்ற விழுது. கல், பொடி, விழுது மூன்றையும் நம் பேச்சில் சுண்ணாம்பு என்றே சொல்கிறோம். கையேட்டிலும் அப்படியே எழுதினால், அறிமுகமில்லாத ஒருவர் நீறாத கல்லை மணலோடு கலந்து தண்ணீர் ஊற்ற முற்படலாம்.

அன்றிரவே சொற்பட்டியலைத் தொடங்கினேன். வழக்கமாகச் செய்வதுபோல அகராதியைத் திறந்து ஆங்கிலச் சொற்களுக்கு நேராகத் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டு போகவில்லை. பாதி வேலை முடிந்திருந்ததால், நாங்களே என்னென்ன சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதை முதலில் விரிதாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் சரி என்று பட்டது. ஒரு புதுத் தாளைச் சேர்த்து இந்த வாய்பாட்டை இட்டேன். முதல் தாளுக்கு Text என்று பெயர்.

```
=FILTER(Text!A2:D, REGEXMATCH(Text!B2:B, "(?i)lime putty"))
```

லைம் புட்டி வரும் எல்லா வரிசைகளும் ஆங்கிலமும் தமிழும் பக்கம்பக்கமாக ஒரே இடத்தில் வந்து நின்றன. 46 வரிசைகள். அவற்றில் 19 இடங்களில் விழுது, 14 இடங்களில் வெறும் சுண்ணாம்பு, 8 இடங்களில் சுண்ணாம்புக் குழம்பு, 5 இடங்களில் புட்டி. குழம்பு என்றதும் நமக்குச் சோறுதான் நினைவுக்கு வருகிறது. புட்டி என்பதோ தமிழில் பாட்டில். நால்வரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கக்கூடிய ஒரே கோப்பில்தான் இருந்தோம். ஆனால் அவரவர் பகுதியைத் தாண்டி எவரும் மேலே சென்று பார்க்கவில்லை.

தேடும்போது தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விழுது என்ற முழுச் சொல்லைத் தேடினால் விழுதை, விழுதில், விழுதின் ஆகியவை வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது இறுதி உகரம் போய்விடுகிறது. ஆகவே 'விழுத' என்று உகரக் குறியை நீக்கித் தேட வேண்டும். கணினிக்குத் த என்ற எழுத்தும் அதன் மேல் ஏறும் உயிர்க்குறியும் தனித்தனியாக இருப்பதால் இந்தத் தந்திரம் பலிக்கிறது. மரம் போன்ற சொற்களில் 'மர' என்று இன்னும் குறுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின், மரத்தால் எல்லாம் நழுவிவிடும். குறுக்கினாலோ மரபு, மரணம் எல்லாம் வலையில் சேர்ந்து விழும். எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லுக்குச் சொல் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கலைக் கண்டுபிடிக்க ஒரு நாள் பிடித்தது. நீற்றிய பொடியைக் குறிக்கும் 'பொடி' என்ற சொல்லைத் தேடியபோது புதுவயல் தம்பியின் பகுதியிலிருந்து ஒரு வரிசையும் வரவில்லை. அவருடைய வரிசைகளைத் திறந்தால் பொடி கண்ணெதிரே இருக்கிறது. அவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுபவர். அந்த மாற்றியில் 'ொ' என்ற குறி ஒற்றைக் குறியாக வராமல், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக வந்திருந்தது. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. 'ோ' விலும் இதே கதை. பக்கத்துப் பத்தியில் இதை இட்டு, கிடைத்ததை மதிப்பாக மட்டும் திரும்ப ஒட்டியதும் சரியாயிற்று.

```
=SUBSTITUTE(SUBSTITUTE(C2,
  UNICHAR(3014)&UNICHAR(3006), UNICHAR(3018)),
  UNICHAR(3015)&UNICHAR(3006), UNICHAR(3019))
```

எந்தச் சொற்களைப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு, கையேட்டின் பின்னால் இருந்த சொல்லடைவையே தொடக்கமாக எடுத்துக்கொண்டேன். அதில் இருந்தவற்றுள், ஒருவருக்கு மேற்பட்டவரின் பகுதியில் வருவதும் மாறினால் செய்யும் வேலையே மாறிவிடுவதுமான சொற்களை மட்டும் வைத்துக்கொண்டேன். கதவு, சன்னல், தேக்கு போன்றவற்றுக்குப் பட்டியல் தேவையில்லை. முடிவில் 63 சொற்கள் நின்றன. நூற்றுக்கணக்கில் சேர்த்திருந்தால் எவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது மார்ட்டர், பிளாஸ்டர் என்ற இரண்டும்தான். மார்ட்டருக்கு ஒருவர் காரை என்றும், ஒருவர் சாந்து என்றும், மற்ற இருவர் கலவை என்றும் எழுதியிருந்தோம். கலவையை முதலில் தள்ளினோம், ஏனென்றால் மூலத்தில் மிக்ஸ் என்று தனியாக ஒரு சொல் வருகிறது, அதற்குக் கலவை வேண்டும். காரையை விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. செக்கில் காரை அரைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் மேஸ்திரி அண்ணன் ஒரே கேள்வியில் முடித்துவைத்தார். "காரை பேந்த சுவருன்னு சொல்றோமே, அங்க பேந்தது எது?" பெயர்ந்தது மேற்பூச்சு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பதும் காரை, சுவரின் மேல் இருப்பதும் காரை என்றால், எதைச் சுரண்ட வேண்டும் என்பதில் வாசகருக்கு ஐயம் வரும். எனவே இணைப்பில் வைப்பது சாந்து, சுவரின் மேல் ஏறியது பூச்சு, சுவரில் ஏறுவதற்கு முன் சட்டியில் இருக்கும்போது அது பூச்சுச் சாந்து என்று மூன்றாகப் பிரித்தோம். ஆங்கிலத்தில் பிளாஸ்டர் என்ற ஒரே சொல்தான் பின்னிரண்டையும் குறிக்கிறது; ஆகவே அந்த இடங்களில் எது பொருந்தும் என்பதற்குப் பட்டியலில் ஒரு குறிப்பையும் எழுதி வைத்தோம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இங்கே பிழை செய்திருப்போம்.

பட்டியலில் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் தவிர, தேடுவதற்கான வெட்டிய வடிவம், பயன்படுத்தக் கூடாத சொற்கள், முதலில் வரும் வரிசை எண், ஒரு வரிக் காரணம் ஆகியவற்றுக்கும் பத்திகள் வைத்தேன். காரணம் எழுதிய பத்திதான் பின்னால் பெரிதும் கைகொடுத்தது. காரை ஏன் இல்லை என்று அடுத்த மாதம் மீண்டும் ஒருவர் கேட்டபோது, தொலைபேசியில் அரை மணி நேரம் விவாதிக்காமல் அந்த வரியைப் பார்க்கச் சொன்னால் போதுமாக இருந்தது. பட்டியல் தாளில் திருத்தும் உரிமை இருவருக்கு மட்டும். மற்றவர்கள் கருத்து எழுதலாம்.

ஏற்கெனவே எழுதிய வரிசைகளைத் திருத்துவதில்தான் கையைச் சுட்டுக்கொண்டேன். அவசரத்தில், தேடி மாற்றும் வசதியைக் கொண்டு குழம்பு என்பதை விழுது என்று மாற்றினேன். குழம்பும் விழுதும் இரண்டுமே உகரத்தில் முடிவதால், 'குழம்ப' என்பதை 'விழுத' என்று மாற்றினால் குழம்பில் என்பது விழுதில் என்று தானாகவே ஆகிவிடும் என்று என் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டேன். உருபுகள் எல்லாம் சரியாகவே மாறின. ஆனால் 'சுண்ணாம்புக் குழம்பு' என்பதில் இருந்த ஒற்று அப்படியே நின்று, 'சுண்ணாம்புக் விழுது' என்று எட்டு இடங்களிலும் பல்லை இளித்தது. அதோடு, எங்கோ ஓர் இடத்தில் 'குழம்பிப் போகாமல்' என்று இருந்தது 'விழுதிப் போகாமல்' ஆகிவிட்டது. பதிப்பு வரலாற்றில் முந்தைய நிலைக்குத் திரும்பி, 'சுண்ணாம்புக் குழம்ப' என்ற முழுத் தொடரை ஒற்றோடு சேர்த்து மாற்றினேன். வெறும் சுண்ணாம்பு என்றிருந்த 14 இடங்களில் மாற்றும் வசதியைத் தொடவே இல்லை. சரியான இடங்களில் உள்ள சுண்ணாம்பையும் அது கெடுத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினோம்.

மீதி அத்தியாயங்கள் முடிய முடிய, வாரம் ஒரு முறை ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தச் சோதனையை ஓட்டினேன். மூலத்தில் சொல் இருந்து, தமிழில் நாங்கள் ஒப்புக்கொண்ட வடிவம் இல்லாத வரிசைகளை மட்டும் இது காட்டும்.

```
=FILTER(Text!A2:D, REGEXMATCH(Text!B2:B, "(?i)lime putty"),
  REGEXMATCH(Text!C2:C, "விழுத")=FALSE)
```

கடைசி வாரத்தில் லைம் புட்டிக்கு நான்கு வரிசைகள் எஞ்சின. மூன்றில் தமிழ் வாக்கியம் 'அதை' என்று இயல்பாகச் சுட்டியிருந்தது. அவற்றைத் திருத்த வேண்டியதில்லை என்று குறித்து விட்டுவிட்டோம். நான்காவதைத் தேவகோட்டை அக்கா வேண்டுமென்றே 'பொடி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கருத்தும் இட்டிருந்தார். லைம் புட்டியை உலர்ந்த மணலுடன் சேர்த்துச் சல்லடையில் சலிக்க வேண்டும் என்று மூலம் சொல்கிறது, விழுதை எப்படிச் சலிப்பது என்று கேட்டிருந்தார். கையேட்டை அனுப்பியவர்களுக்கு அந்த வரிசை எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: அந்த இடத்தில் ஆங்கிலத்திலேயே பிழை, நீற்றிய பொடி என்றுதான் இருக்க வேண்டும், அடுத்த பதிப்பில் மூலத்தையும் திருத்திக்கொள்கிறோம் என்று.