ரீச்சர் கொண்டுவந்த பை

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பலர் திருத்த வருவதில்லை, கொடுத்துவிட்டுப் போக வருகிறார்கள். வீடு கழுவித் துடைக்கும்போது அலுமாரி மேல்தட்டிலிருந்து இறங்கும் பழைய கைத்தொலைபேசிகள் என் மேசைக்கு வந்து சேரும். இந்த முறை வந்தவர் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ரீச்சர். எனக்கு ஆறாம் வகுப்பில் கணிதம் கற்பித்தவர். ஒரு துணிப்பையை மேசையில் வைத்தார்.

"இருபது வருடத்துச் சாமான் தம்பி. குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. பழைய இரும்புக்காரர் நிறுத்து வாங்குகிறேன் என்கிறார். நீ பார்த்துச் சொல்."

பதினான்கு இருந்தன. பொத்தான் வைத்த பழையவை ஆறு, தொடுதிரை எட்டு. நான் முதலில் பார்ப்பது மாதிரியையோ விலையையோ அல்ல. ஒவ்வொன்றையும் சமதளத்தில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துவேன். பம்பரம் போலச் சுழன்றால், அல்லது திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால், உள்ளே பற்றரி ஊதியிருக்கிறது. ரீச்சரின் பையில் அப்படி இரண்டு இருந்தன. அவற்றைக் கட்டிலுக்குக் கீழே, பழைய பத்திரிகைகளோடு நான்கு வருடம் வைத்திருந்ததாக அவர் சொன்னபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

காரணம் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு கடையில் வேலை செய்தேன். ஒட்டியிருந்த பற்றரியைக் கழற்ற மெல்லிய இரும்புத் தகட்டை அடியில் செருகி நெம்பினேன். முதலில் நகப்பூச்சு நீக்கியைப் போன்ற ஓர் இனிப்பு நெடி வந்தது. அடுத்து ஒரு சீறல். மூச்சு ஒன்று எடுத்து விடுவதற்குள் வெள்ளைப் புகை, அதன் பின் நெருப்பு. கையில் கிடைத்த தட்டத்தோடு தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினேன். மேசையில் கருகிய வட்டமும் என் வலது பெருவிரலில் ஒரு தழும்பும் மிஞ்சின. அன்று கடையில் ஒரு வாளி மணல்கூட இருக்கவில்லை.

லிதியம் பற்றரிக்குள் நேர்முனைக்கு அலுமினியத் தாள், எதிர்முனைக்குச் செப்புத் தாள், இரண்டுக்கும் இடையில் மயிரிழையிலும் மெல்லிய பிளாத்திக்குத் திரை, அதை நனைத்தபடி எரியக்கூடிய ஒரு திரவம். திரை கிழிந்தால் இரண்டு தாள்களும் தொட்டுக்கொள்ளும். சேமித்திருந்த மின் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் சூடாக இறங்கும். ஊதிய பற்றரியில் அந்தத் திரவம் சிதைந்து வாயுவாகியிருக்கிறது. "ஊசியால் குத்திக் காற்றை விடலாமா" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. குத்தினால் வெளியே வருவது எரியும் வாயு. ஈரக்காற்றோடு சேர்ந்தால் அந்தத் திரவத்திலுள்ள உப்பு ஐதரசன் புளோரைட்டு என்னும் நச்சையும் உண்டாக்கும். குத்தவே கூடாது.

ரீச்சரின் ஊதாத தொடுதிரைத் தொலைபேசிகளில் உயிர் இருந்தவற்றை முதலில் இயக்கி, ஏதாவது காணொளியை ஓடவிட்டு, தானாக அணையும்வரை விட்டேன். வெறுமையான பற்றரி கிழிந்தாலும் நெருப்பாகும் வலு குறைவு. பின் திரையைச் சூடாக்கும் தட்டில் வைத்துப் பிரித்து, வேறு எதையும் தொடுவதற்கு முன் பற்றரியின் இணைப்பைக் கழற்றினேன். பற்றரியின் ஓரமாக ஐசோபுரொப்பைல் அல்ககோலை நாலைந்து சொட்டு விட்டுக் காத்திருந்தால் பசை இளகும். பிறகு பழைய மீள்நிரப்பு அட்டை போன்ற பிளாத்திக்குத் துண்டு போதும். இரும்பு வேண்டாம். வளைந்தால் நிறுத்தி மீண்டும் சொட்டு விட வேண்டும். அவசரப்பட்டு நெம்பிய அந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கழற்றிய ஒவ்வொன்றின் முனையிலும் காப்பு நாடா ஒட்டித் தனித்தனிப் பையில் இட்டேன். ஊதிய இரண்டும் மணல் வாளிக்குப் போயின. மணல் விடயத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு கவனம் உண்டு. கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று அள்ளக் கூடாது. அதில் உப்பு இருக்கிறது, உப்பு காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும், முனைகள் அரிக்கும். நான் வைத்திருப்பது மகாவலி ஆற்று மணல். வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, தகர வாளியில், மூடியை இறுக்காமல். இறுக்கினால் வாயு வெளியேற வழியில்லாமல் வாளியே வெடிக்கும்.

உப்பு நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நம்புகிறவர்கள் அதிகம். என்னோடு வேலை பழகும் தம்பி ஒருவர் ஐந்து பற்றரிகளைக் கடல்நீர் நிரம்பிய போத்தலில் இரண்டு நாள் போட்டு வைத்தார். "முழுதாய் இறங்கிவிடும் அண்ணா" என்றார். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் நீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, நேர்முனைத் தகடுகள் கரைந்து போயிருந்தன. மிச்சமிருந்த அடிக்கட்டையில் அளவி முனையை வைத்தேன். ஐந்தில் மூன்று 3.6 வோல்ற்றுக்கு மேல் காட்டின. மின் இறங்குவதற்குள் தகடு அரித்துவிடுகிறது. தகடு போனதும் வழி அடைபடுகிறது. உள்ளே இருந்த மின் உள்ளேயே நிற்கிறது. பார்ப்பவருக்கோ அது செத்த பற்றரி. இதற்குப் பதில், ஊதாத பற்றரியை 10 ஓம், 5 வாற்று மின்தடையோடு இணைத்து ஓர் இரவு கண்காணிப்பில் வைத்தால் அது அமைதியாக இறங்கும்.

பற்றரிகள் ஒதுங்கிய பின்தான் தங்கம் பற்றிய பேச்சு. தம்பி இணையக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, "ரீச்சரின் பையிலேயே அரைப் பவுண் இருக்கும்" என்றார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பரவலாகச் சொல்லப்படும் அளவு, பற்றரி நீக்கிய ஒரு தொன் பழைய கைத்தொலைபேசிகளில் ஏறத்தாழ 340 கிராம் தங்கம், மூன்றரைக் கிலோ வெள்ளி, 140 கிராம் பலேடியம், 130 கிலோ செம்பு. ஒரு கருவி 100 கிராம் என்று கொண்டால் தொன்னுக்குப் பத்தாயிரம் கருவிகள். ஒன்றுக்கு 0.034 கிராம். ரீச்சரின் பதினான்கிலும் சேர்த்து அரைக் கிராமுக்கும் குறைவு. எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுணுக்கு இருநூற்று முப்பதுக்கு மேற்பட்ட தொலைபேசிகள் வேண்டும். அதுவும் ஒரு துகளும் வீணாகாமல் எடுத்தால்.

வீணாகாமல் எடுக்கவே முடியாது. தங்கம் கட்டியாக இல்லை. இணைப்பு முனைகளிலும் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையின் பட்டைகளிலும் மைக்ரோமீற்றரில் ஒரு பங்கு தடிப்பில் பூசியிருக்கிறது, அதற்கடியில் நிக்கலும் செம்பும். நைத்திரிக்கமிலத்தில் போட்டால் ஒட்டுவேலையில் இருக்கும் வெள்ளீயம் வெண்ணிறச் சேறாகித் தங்கத் துகளைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். கிளம்பும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தவருக்கு அப்போது இருமல் மட்டும்தான் வரும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அது உயிரையும் எடுக்கும். மிஞ்சும் பச்சைநீல நீரில் செம்பும் நிக்கலும் ஈயமும் இருக்கும். 2006க்கு முந்தைய கருவிகளின் ஒட்டுவேலையில் ஈயம் வழமை. அதை எங்கே ஊற்றுவது? எங்கள் கடற்கரையோரம் மணற்பாங்கான நிலம், கிணற்று நீர் ஆழத்தில் இல்லை. ஊற்றியது எவர் வீட்டு வாளியில் ஏறும் என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் தம்பி அந்தப் பேச்சை விட்டார்.

பழைய இரும்பு வாங்கும் நானா ஒருவர் இதை வேறு வழியில் அறிந்திருக்கிறார். "கொத்திய பலகைக்கு விலை குறையும் தம்பி, முழுசாக வை" என்பார். அவர் சொல்வது சரி. தங்கம் தெரியும் முனைகளை வெட்டி எடுத்த பலகையில், கண்ணுக்குத் தெரியாத வெள்ளியும் பலேடியமும் பாதித் தங்கமும் மிஞ்சினாலும், வாங்குபவர் அதைக் கெட்டுப்போன சரக்காகவே பார்ப்பார்.

முழுப் பலகைகளை உருக்கும் ஆலை இலங்கையில் இல்லை. பெல்ஜியத்தில் அன்ற்வேர்ப்புக்கு அருகே ஹோபோக்கனில் இருப்பதைப் போன்ற பெரிய உருக்காலைகளில், பலகையின் பிளாத்திக்கே எரிபொருளின் ஒரு பகுதியாகிறது. உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பலேடியத்தையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பின் அந்தச் செம்பைப் பிரித்தெடுக்கும்போது விலை உயர்ந்த உலோகங்கள் சேறாக மிஞ்சும். அந்தச் சேற்றிலிருந்து அவற்றைப் பிரிப்பார்கள். புகையில் உண்டாகும் டயொக்சின் என்னும் நச்சைப் பிடிக்கும் வடிகட்டிகள் அங்கே உண்டு. வெட்டவெளியில் எரிக்கும் நெருப்புக்கு அது இல்லை.

அந்த உலையிலும் எல்லாம் திரும்பக் கிடைப்பதில்லை. அலுமினியமும் தந்தாலமும், ஒலிபெருக்கிக் காந்தத்தின் நியோடிமியமும் கசடோடு போய்விடும். அதனால் அலுமினியச் சட்டத்தை இங்கேயே கழற்றித் தனியாகக் கொடுப்பது பொருள் உள்ள வேலை. ரீச்சரின் பையிலிருந்து அப்படி மூன்று சட்டங்கள் கிடைத்தன. பற்றரிகள் வேறு ஆலைக்கு உரியவை. தங்கத்தையே நினைப்பவர்கள் மறக்கும் பொருள் அதில் இருக்கிறது. கோபால்ற்று ஒரு தொலைபேசிப் பற்றரியில் சில கிராம் இருக்கும், அதாவது தங்கத்தைப்போல நூறு மடங்குக்கு மேல்.

ஒரு பெட்டியில் பலகைகள், இன்னொன்றில் சட்டங்கள், வாளியில் பற்றரிகள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்கு, போதிய அளவு சேர்ந்ததும் அனுப்புகிறேன். உரிமத்தின் பிரதியைக் கேட்டுப் பார்த்த பிறகே கொடுப்பேன். அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் திருத்தத்தின்படி 2025 சனவரி 1 முதல் மின்னணுக் கழிவு எதுவானாலும் பெறும் நாட்டின் முன்கூட்டிய ஒப்புதல் இல்லாமல் எல்லை கடக்க முடியாது. காகிதம் இல்லாத வாங்குநருக்குக் கொடுத்த சரக்கு முடிவில் ஏதோ ஒரு வெளியில் எரியும்.

கடைசியாகத் தகவல்கள். இயங்கியவற்றில் கணக்குகளை நீக்கி முழுதாய் அழித்தேன். இயங்காத நான்கின் பலகைகளில் பற்றரியை எடுத்த பிறகு நினைவகச் சிப்பின் நடுவே முகமூடி அணிந்து துளையிட்டேன். உலோகம் அதனால் குறைவதில்லை. ஐந்தாவது ஒன்றைத் துளையிடக் கை ஓங்கியபோது ரீச்சர் தடுத்தார்.

"அதில் அவருடைய குரல் இருக்கிறது தம்பி. கோயிலில் தேவாரம் பாடியது."

அந்தப் பொத்தான் தொலைபேசிக்குப் பொருந்தும் வேறொரு நல்ல பற்றரியைப் போட்டு இயக்கினேன். பதிவு இருந்தது. நினைவக அட்டைக்கு மாற்றி அவரிடம் கொடுத்தேன். வெறுங்கூட்டை என்ன செய்வது என்று கேட்டேன். "அதையும் தா" என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். பற்றரியை மட்டும் நான் எடுத்துவிட்டேன். பெட்டியில் பதின்மூன்று.