மூன்று விநாடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்கு வாசகம் எழுத உட்காரும் எவருக்கும் முதலில் சொல்லப்படுவது, ஓட்டுநருக்கு மூன்று விநாடிதான் கிடைக்கும் என்பது. அந்த மூன்று விநாடி சாலையின் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று யாரும் சொல்வதில்லை. பலகையை நெருங்கி, அதைக் கடந்து போகும்வரை உள்ள கடைசி மூன்று விநாடி என்றே பலரும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். உண்மையில் பலகைக்கு அருகே வரும்போது வாசிப்பு முடிந்து வெகு நேரம் ஆகியிருக்கும். வாசகம் எவ்வளவு நீளமாக இருக்கலாம், எழுத்து எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் இந்த ஒரு விஷயமே முடிவு செய்கிறது என்பது பல ஆண்டுகள் இந்த வேலையில் இருந்த என் எண்ணம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். வாகனம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடியில் 66 மீட்டர். பலகை, வாகனம் போகும் தடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைவில் இருக்கும்போது அது சாலையோடு சேர்ந்தே கண்ணில் படும். நெருங்க நெருங்கப் பக்கவாட்டில் விலகும். பார்வைக் கோட்டிலிருந்து 15 பாகைக்கு மேல் விலகிய பலகையைப் படிக்கத் தலையைத் திருப்ப வேண்டும் என்றும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் அதைச் செய்ய மாட்டார், செய்யவும் கூடாது என்றும் நான் கணக்குக்கு எடுத்துக்கொள்வேன். அந்த 15 பாகை, பலகைக்கு ஏறத்தாழ 55 மீட்டருக்கு முன்பே வந்துவிடுகிறது. அங்கிருந்து 66 மீட்டர் பின்னால் போனால் 120 மீட்டர். ஆகவே நம் மூன்று விநாடி, பலகைக்கு 120 மீட்டர் தொலைவில் தொடங்கி 55 மீட்டர் தொலைவில் முடிகிறது. அதற்குப் பிறகு அந்தப் பலகை ஓட்டுநருக்கு உரியதல்ல, பக்கத்து இருக்கைக்காரருக்கு உரியது.

அந்த மூன்று விநாடியும் ஒரே மூச்சில் கிடைப்பதில்லை. முன்னால் போகும் வண்டி, கண்ணாடியில் தெரியும் வண்டி, வேகமானி என்று கண் போய்ப் போய் வரும். பலகைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று துண்டுப் பார்வைகள். வாகனத்துக்குள் இருக்கும் திரைகளுக்காக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது என்கிறது. வெளியே நிற்கும் பலகைக்காக எழுதப்பட்டதல்ல என்றாலும் நான் அதை எனக்கும் பொருந்துவதாகவே கொள்கிறேன். விட்டு விட்டுப் படித்தாலும் பொருள் அறுந்துபோகாத வாசகம் வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கும் நிபந்தனை.

ஒரு மருத்துவமனைக்காகச் செய்த பலகையை வைத்து மற்றதைச் சொல்கிறேன். பலகை 12 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்டது. மருத்துவமனைக்குத் திரும்பும் சந்திப்புக்கு 2 கிலோமீட்டர் முன்னால் நின்றது. அவர்கள் எழுதி அனுப்பிய வாசகம் இது: “உங்கள் குடும்பத்தின் நலனுக்காக இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் நவீன வசதிகளுடன் கூடிய அவசர சிகிச்சைப் பிரிவு இப்போது எங்கள் புதிய வளாகத்தில்.” அதன் கீழே மருத்துவமனையின் பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், சிரித்தபடி நிற்கும் மருத்துவர் குழுவின் படம்.

இந்த வாசகத்தில் 18 சொற்கள் இருப்பதைவிடப் பெரிய சிக்கல், சொல்ல வந்த செய்தி பன்னிரண்டாவது சொல்லில்தான் தொடங்குகிறது என்பது. தமிழில் அடைமொழிகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வந்து வரிசை கட்டும். தாளில் படிப்பவர் காத்திருப்பார். சாலையில் போகிறவருக்கு “உங்கள் குடும்பத்தின் நலனுக்காக” என்பதோடு முதல் பார்வை முடிந்துவிடும். அது காப்பீட்டு விளம்பரமா, வீட்டுமனை விளம்பரமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. வினையும் அப்படியே கடைசியில் வருகிறது. எதிர்மறைச் செய்தியில் இது ஆபத்தாகவே முடியலாம். “களைப்பாக இருக்கும்போது வாகனம் ஓட்டாதீர்” என்னும் வாசகத்தில் மறுப்பு முழுவதும் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த வால் கண்ணில் படாவிட்டால் மிஞ்சுவது களைப்பும் வாகனமும் மட்டுமே. “களைப்பா? வண்டியை நிறுத்துங்கள்” என்றால் முதல் சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, மீதியும் செய்ய வேண்டியதை நேராகச் சொல்கிறது.

மருத்துவமனைக்கு வருவோம். ஒரே ஒரு செய்தி மட்டும் போகலாம் என்றால் எது என்று நிர்வாகியிடம் கேட்டேன். “புதிய வளாகம்” என்றார். அது அவர்களுக்குச் செய்தி. பழைய வளாகத்தையே அறியாத ஓட்டுநருக்கு அதில் ஒன்றும் இல்லை. பேசிப் பேசி, எந்நேரமும் அவசர சிகிச்சை கிடைக்கும் என்பதில் வந்து நின்றோம். “24 மணி நேரமும் அவசர சிகிச்சை” என்பது இயல்பான தொடர். இரண்டு வரியாகப் பிரித்தால் “24 மணி நேரமும்” மேலே வரும். நான் அதைப் புரட்டி, “அவசர சிகிச்சை” என்பதை மேலும் “24 மணி நேரமும்” என்பதைக் கீழும் வைத்தேன். மேல் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவருக்கும் பயனுள்ள ஒன்று கிடைக்க வேண்டும் அல்லவா? “24 மணி நேரமும்” என்று மட்டும் படித்தவருக்குப் பெட்ரோல் நிலையமும் நினைவுக்கு வரலாம். இலக்கமாக எழுதிய 24 ஒரே பார்வையில் விழுகிறது; “இருபத்து நான்கு” என்பது இரண்டு சொல் வாசிப்பு.

வாசகம் இவ்வளவு சுருங்கியது வாசிப்பு நேரத்துக்காக மட்டுமல்ல, எழுத்து உயரத்துக்காகவும்தான். அமெரிக்கச் சாலைக் குறிகளுக்கான கையேடு ஒரு அங்குல எழுத்துக்கு 30 அடித் தொலைவு என்று கணக்கிடுகிறது. அதாவது தொலைவில் 360இல் ஒரு பங்கு. 120 மீட்டருக்கு அது 33 சென்டிமீட்டர். ஆனால் அந்தக் கணக்கு ரோமன் எழுத்துக்கு உரியது. நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். தொலைவில் முதலில் மறைவது புள்ளி. அடுத்து ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். இதனால் நான் 200இல் ஒரு பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. 120 மீட்டருக்கு அது 60 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் ஒரு வரிக்குக் கொம்பும் துணைக்காலும் சேர்த்துப் பன்னிரண்டு எழுத்து எழுதினால் ஏறத்தாழ 7 மீட்டர் அகலம் போய்விடும். விளிம்பு விட்டு மீதியுள்ள நான்கு மீட்டரில் ஒரு படத்துக்குத்தான் இடம். பழைய வாசகத்தை இந்த அளவில் எழுதியிருந்தால் பலகையே போதியிருக்காது. அதை உள்ளே அடக்க எழுத்தைச் சிறிதாக்கினால், படிக்க முடிகிற தொலைவு வரும்போது மூன்று விநாடி முடிந்திருக்கும். எழுத்தை ஒடுக்கி இடம் பிடிக்கலாமே என்று வடிவமைப்பாளர் சொல்வதுண்டு. ஒடுங்கிய எழுத்தில் முதலில் அடைபடுவது அந்தச் சுழிகள்தான்.

படத்துக்கு மருத்துவர் குழு பொருந்தாது. 120 மீட்டரில் ஐந்து முகங்கள் ஐந்து புள்ளிகள். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போடலாம் என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்வார். அது ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம், மருத்துவமனை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல. ஆம்புலன்ஸின் சுழல்விளக்கு ஒன்றை மட்டும் பெரிதாக வைத்தோம்.

இத்தகைய வடிவமைப்பைக் கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் தருவதுதான் பெரும்பாலான கோளாறுகளின் தொடக்கம். திரை நிறைய விரிந்த படத்தில் தொலைபேசி எண்ணும் தெரியும், முகவரியும் தெரியும். 12 மீட்டர் பலகை 80 மீட்டர் தொலைவில் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு எளிய அளவு உண்டு: கையை நீட்டி, கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் பிடித்த 9 சென்டிமீட்டர் அகலத் தாள், ஏறத்தாழ ஒரு விசிட்டிங் கார்டு. ஆகவே வடிவமைப்பை அந்த அளவில் அச்சிட்டு, இந்த வேலையைப் பற்றி எதுவும் அறியாத ஒருவருக்கு மூன்று விநாடி காட்டி மூடிவிடுவோம். பிறகு என்ன கிடைக்கும் என்று போட்டிருந்தது, யார் போட்டது என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேட்போம். அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் இதற்கு உதவ மாட்டார்கள். அவர்கள் வாசகத்தை ஏற்கெனவே அறிந்திருப்பதால், கண் படிக்காததை நினைவு நிரப்பிக்கொள்ளும். பதில்கள் தவறும் விதமே எங்கே கோளாறு என்று காட்டும். நிறத்தையும் படத்தையும் மட்டும் சொல்கிறவர் இருந்தால் படம் வாசகத்தை விழுங்குகிறது என்று பொருள். செய்தியைச் சரியாகச் சொல்லி, வேறொரு மருத்துவமனையின் பெயரைச் சொன்னால் பெயர் சிறிதாக இருக்கிறது என்று பொருள். அந்த ஊகம் பெரும்பாலும் அந்தத் துறையில் முன்னணியில் இருப்பவருக்கே போய்ச் சேரும். எங்கள் முதல் வரைவில் நடந்தது அதுதான். சுழல்விளக்கைச் சற்றுச் சுருக்கிப் பெயரைப் பெரிதாக்கினோம்.

சிலேடைக்கும் இந்தச் சோதனையில் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை. முதல் பொருளைப் பிடித்து, அதைக் கைவிட்டு, இரண்டாவதற்குப் போக ஓட்டுநருக்கு இன்னொரு பார்வை வேண்டும். தினமும் அதே வழியில் போகிறவர் நான்காம் நாளில் சிரிக்கக்கூடும் என்பது உண்மைதான். அவசர சிகிச்சைக்கு அது உதவாது.

நிர்வாகி தொலைபேசி எண்ணை மட்டும் விட மறுத்தார். பத்து இலக்கத்தை 120 மீட்டரில் படிக்க முடிந்தாலும், அதை மனத்தில் வைத்துக்கொள்ள ஓட்டுநருக்கு நேரமில்லை. குறித்துக்கொள்ளக் கையும் இல்லை. கடைசியில் சந்திப்பிலேயே இரண்டாவது பலகை ஒன்றை வைக்கலாம் என்று சொன்னோம். அங்கே சிக்னலுக்காக வண்டிகள் நிற்கும். நிற்கிறவருக்கு மூன்று விநாடிக் கணக்கு பொருந்தாது. அதே நிறம், அதே சுழல்விளக்கு, திரும்ப வேண்டிய பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி, அதன் கீழே முகவரி, அதற்கும் கீழே அவர் கேட்ட இரண்டு எண்களில் ஒன்று. இரண்டாவது எண்ணுக்காக அவர் கடைசிவரை வாதாடினார். அது வரவேற்பு மேசையின் எண், இரவில் யாரும் எடுப்பதில்லை என்று தெரியவந்த பிறகு அவரே அதை எடுத்துவிடச் சொன்னார்.