ஐம்பது இலைச் சாப்பாட்டின் கணக்கு

திருகோணமலையில் வீட்டுச் சமையலுக்கு ஓடர் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி, "தங்கச்சி, ஐம்பது பேருக்கு இலைக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். அதற்கு வாயால் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தத் தொகை எதை எதனால் வகுத்து வந்தது என்று தெரியாவிட்டால், சந்தைக்குப் போய் வந்ததும் யாராவது ஒருவர் நட்டப்படுவார். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உப்புவெளியில் ஒரு வீடு குடிபுகும் நிகழ்வுக்கு நான் போட்ட மரக்கறிச் சாப்பாட்டுக் கணக்கையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பூசணிக்காய்க் கறி, பயித்தங்காய்ப் பாற்கறி, கீரை, இரசம், அப்பளம், வடை, பாயாசம், தயிர் என்பன அன்றைய இலையில் இருந்தன.

முதலில் ஆட்களின் எண்ணிக்கை. அழைத்தவர்கள் ஐம்பது பேர் என்றால் சாப்பிடுகிறவர்கள் ஐம்பது பேர் அல்லர். வீட்டுக்காரர், பரிமாறுகிறவர்கள், உதவிக்கு வருகிறவர்கள், பூசை செய்ய வந்த ஐயாவுக்குக் கட்டிக் கொடுக்கும் பொதி என்று சேர்த்தபோது 56 வந்தது. சிறுவர்களை அரைப் பங்காக எண்ணும் வழக்கம் உண்டு. அது சோற்றுக்குப் பொருந்தும். வடைக்கும் பாயாசத்துக்கும் பொருந்தாது. அவற்றில் பெரியவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாகக் கிடைத்தால் எந்தப் பிள்ளையும் சும்மா இருப்பதில்லை.

அளவுகளைப் போடும்போது பலர் செய்வது, நான்கு பேருக்கான வீட்டுச் சமையலைப் பன்னிரண்டரையால் பெருக்குவது. வீட்டில் இரண்டு கறி வைக்கும்போது ஒருவர் ஒவ்வொன்றிலும் நிறைய எடுப்பார். இலையில் ஐந்து கறி இருந்தாலும் அவருடைய வயிறு ஐந்து மடங்காவதில்லை. கறிகள் எத்தனை வகையானாலும் ஒருவர் எடுக்கும் மொத்தம் சமைத்த நிலையில் 350 கிராமை ஒட்டியே நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே நான் இலையிலிருந்து பின்னோக்கிப் போகிறேன். பருப்பு 100 கிராம், மூன்று மரக்கறிகளும் தலா 70 கிராம், கீரை 50 கிராம் என்று முதலில் இலையை நிரப்பிவிட்டு, அந்த அளவுக்குச் சந்தையில் எவ்வளவு வாங்க வேண்டும் என்று பிறகு கேட்கிறேன்.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் கணக்கு பெரும்பாலும் வழுக்குகிறது, ஏனெனில் நாம் வாங்கும் நிறையும் சட்டிக்குள் போகும் நிறையும் ஒன்றல்ல. பூசணிக்காயில் தோலும் விதையும் குடலும் போக, முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே மிஞ்சும். எனவே நான்கு கிலோ துண்டுகள் தேவை என்றால் ஐந்தரைக் கிலோ வாங்க வேண்டும். பயித்தங்காயில் கழிவு பத்தில் ஒரு பங்குதான். கத்தரிக்காயில் காம்பு மட்டும் போனாலும், பொரிக்கும்போது அது பாதியாகச் சுருங்கி, பிறகு குழம்பில் ஊறி ஓரளவு மீளும் என்பதால், ஐந்து கிலோ எடுத்தேன். கீரையைக் கட்டுக் கணக்கில் வாங்குவது ஆபத்து. ஒரு கட்டை நிறுத்து, ஆய்ந்து, இலையை மட்டும் மறுபடி நிறுத்துப் பார்த்தால், நிறையில் ஏறக்குறைய பாதி தண்டும் வேருமாகப் போயிருப்பது தெரியும். தேங்காயும் அப்படித்தான். 2024 இறுதியில் தேங்காய் விலை ஏறியபோது சந்தைக்கு வந்த காய்கள் பலவும் சிறியவை. ஆகவே காய் எண்ணிக்கையை விட்டுத் துருவலின் நிறையை வைத்துக்கொண்டேன். இந்தச் சாப்பாட்டுக்கு நான்கு கிலோ துருவல் வேண்டும். நடுத்தரக் காயொன்றில் 250 கிராம் கிடைத்தால் அது 16 காய்.

சோற்றுக்கு ஒருவருக்கு 135 கிராம் அரிசி என்று ஏழரைக் கிலோ சம்பா எடுத்தேன். ஒரு கிலோ அரிசி வடித்த பின் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சோறாகும். ஆறு கிலோவை மட்டும் முதலில் உலையில் இட்டு, மீதி ஒன்றரைக் கிலோவைக் கழுவாமலே வைத்திருப்பேன். முதற் பந்தியில் இருபத்தைந்து பேர் எழுந்ததும் சோற்றுப் பானையைப் பார்த்தால், அந்தச் சபை எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும். கூடுதல் வேண்டுமென்றால் இரண்டாம் பந்தி அமர்ந்து பருப்பும் கறியும் போடுவதற்குள் அடுத்த உலை வடிந்துவிடும்.

பாதுகாப்புக்காக எல்லாவற்றிலும் பத்து வீதம் கூட்டுவது வீண் செலவு என்பது என் கருத்து. மறுமுறை கேட்கப்படுவது சோறும் பருப்பும் இரசமும்தான், அவையே மலிவானவையும்கூட. கூடுதலை அவற்றில் மட்டும் வைத்துவிட்டு, கத்தரிக்காயையும் வடையையும் அகப்பையாலும் எண்ணிக்கையாலும் கட்டுப்படுத்துகிறேன். பரிமாறும் அகப்பையால் ஒருமுறை அள்ளித் தராசில் வைத்து, அது 70 கிராமா 110 கிராமா என்று பார்த்துவிட்டே பரிமாறுகிறவர் கையில் கொடுப்பேன். இரண்டாம் பந்திக்குக் கறி போதாமற்போகும் வீடுகளில், குறை பெரும்பாலும் சமையலில் அல்ல, அகப்பையில்தான். உப்பு, தூள், புளி மூன்றையும் பெருக்கி வந்த அளவில் முக்காற் பங்கோடு நிறுத்தி, மீதியைச் சுவை பார்த்துச் சேர்ப்பதே நல்லது.

அன்றைய விலைகளில் சமையற் பொருள்கள் 23,740 ரூபாய் ஆயின. இதில் அரிசியும் பருப்பும் சேர்ந்து 2,550 ரூபாய்தான். தேங்காயும் பொரிக்கும் எண்ணெயும் சேர்ந்து 6,040 ரூபாய். இலைச் சாப்பாட்டின் விலையைக் குறைக்க விரும்புகிறவர்கள் அரிசியில் பேரம் பேசுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்; பொரித்த குழம்பைப் பாற்கறியாக மாற்றினால் எண்ணெயே பாதி மிஞ்சும். வாழையிலை 2,400, எரிவாயு அரைச் சிலிண்டர் 1,850, ஓட்டோ 1,000, உதவிக்கு வந்த இருவரின் கூலி 5,000 என்று மேலும் 10,250 சேர, மொத்தம் 33,990 ரூபாய். என் கூலியை இதில் கலப்பதில்லை. அதைத் தனி வரியாகச் சொல்லிவிடுகிறேன்.

இதை 56ஆல் வகுத்தால் இலைக்கு ஏறக்குறைய 607 ரூபாய். 50ஆல் வகுத்தால் 680. வீட்டுக்காரருக்கு நான் சொல்வது 680தான், ஏனெனில் அந்த ஆறு இலைகளின் செலவும் விருந்தினருக்காக ஏற்பட்டதே. ஆனால் "இன்னும் பத்துப் பேர் வந்தால்?" என்று கேட்டால் 6,800 என்று சொல்வது நியாயமில்லை. எரிவாயு, ஓட்டோ, கூலி ஆகிய 7,850 ரூபாய் அநேகமாக மாறாது. மிச்சத்தை 56ஆல் வகுத்தால் 467 வரும். ஆகவே பத்துப் பேருக்கு 4,700 ரூபாய் போதும். அதேபோல் காலையில் பத்துப் பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்தால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. அந்த நேரத்தில் மரக்கறி வெட்டியாயிற்று. சமைக்காத அரிசியும் பொரிக்காத அப்பளமும்தான் கையில் இருக்கும். எண்ணிக்கையை முதல் நாள் மாலைச் சந்தைக்கு முன்பே உறுதிசெய்யுமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மீன் சாப்பாடு என்றால் இதே தாளில் ஒரு வரி மட்டும் வேறுபடும். முழுப் பாரை மீனில் தலை, செதிள், குடல் நீக்கியபின் கறித் துண்டாக வருவது அறுபது வீதமளவில்; ஒருவருக்கு ஐம்பது கிராமில் இரண்டு துண்டு என்றால் 56 பேருக்கு ஒன்பதரைக் கிலோ மீன் வேண்டும். தலையைச் சொதிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் துண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நிறையை முன்கூட்டியே எழுதிவிடலாம், விலையை எழுத முடியாது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்காத நாளில் கரையில் சொல்லும் விலை, முந்திய நாள் விலையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கும். அதனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, நிறையை மட்டும் குறித்த தாளை வீட்டுக்காரரிடம் கொடுத்து, மீனை அன்று காலை அவர்களே வாங்கித் தரும்படி சொல்லிவிடுகிறேன்.