சம்பளக் கணக்கை வெளியே கொடுத்த நிறுவனமும் 90 பக்க அறிக்கையும்

2024 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கான தணிக்கை அது. வாடிக்கையாளர் சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம்; சுமார் 1,100 ஊழியர்கள். செலவில் பெரும்பகுதி சம்பளம்தான், ஆனால் அந்தச் சம்பளத்தைக் கணக்கிடுவது அவர்கள் அல்லர், வேறொரு பேரோல் நிறுவனம். ஒவ்வொரு மாதமும் இவர்கள் ஒரு கோப்பை அனுப்புவார்கள், அங்கிருந்து சம்பளப் பதிவேடு திரும்பி வரும்.

நிதித்துறையில் பேரோல் கட்டுப்பாடுகளைப் பற்றிக் கேட்டதும் தயாராக ஒரு பிடிஎஃப் வந்தது: பேரோல் நிறுவனத்தின் கட்டுப்பாடுகளைப் பற்றி அதன் தணிக்கையாளர் எழுதிய சாக் 1, டைப் 2 அறிக்கை, 90 பக்கம். "இதில் எல்லாம் இருக்கிறது சார், போன வருடமும் இதைத்தான் கொடுத்தோம்" என்றார் நிதி மேலாளர். போன வருடக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அறிக்கை இருந்தது, முதல் பக்கத்தில் "பார்க்கப்பட்டது" என்று ஒரு குறிப்பும் இருந்தது. அதைப் போட்டவன் நான்தான்.

இந்த முறை உட்கார்ந்து படித்தேன். டைப் 1 அறிக்கை கட்டுப்பாடுகள் ஒரு குறிப்பிட்ட தேதியில் சரியாக வடிவமைக்கப்பட்டிருந்தனவா என்று மட்டும் சொல்லும். டைப் 2, ஒரு காலம் முழுவதும் அவை வேலை செய்தனவா என்று சோதித்து முடிவையும் சொல்லும். கையில் இருந்தது டைப் 2 என்பது நல்ல செய்தி. ஆனால் அது எந்தக் காலத்துக்கு? 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை. எங்கள் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகவே ஒன்பது மாதங்களுக்குத்தான் அறிக்கை பேசுகிறது, கடைசி மூன்று மாதங்களுக்கு எதுவும் இல்லை. அந்த மூன்று மாதங்களுக்குத் திரும்பி வருகிறேன்.

அடுத்து எல்லை. அறிக்கையில் விவரிக்கப்பட்ட மென்பொருளும் மையமும் நம் வாடிக்கையாளருடையவைதாமா என்று ஒப்பந்தத்தை எடுத்து ஒப்பிட்டேன். பொருந்தின. சர்வர்களை வைத்திருக்கும் நிறுவனத்தின் கட்டுப்பாடுகளை மட்டும் அறிக்கை விலக்கி வைத்திருந்தது. அதற்கு அந்த நிறுவனத்தின் அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்கினோம்.

உண்மையான வேலை, பலரும் புரட்டிவிட்டுப் போகும் ஒரு பட்டியலில் இருந்தது. பேரோல் நிறுவனத்தின் கட்டுப்பாடுகள் பயன் தர வேண்டுமானால் வாடிக்கையாளர் நிறுவனம் தன் பக்கத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே வரிசையாக எழுதியிருந்தார்கள். சேர்ந்தவர், விலகியவர் விவரங்களை முழுமையாகவும் உரிய நேரத்திலும் அனுப்ப வேண்டும். சம்பளம் போடுவதற்கு முன் வரும் மாற்ற அறிக்கையைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். வேலையை விட்டவரின் போர்ட்டல் அனுமதியை நீக்க வேண்டும். இவற்றை அறிக்கை எழுதிய தணிக்கையாளர் சோதிப்பதில்லை. "இவர்கள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்" என்ற நிபந்தனையின் பேரில்தான் அவர் கருத்தே சொல்கிறார். அந்த நிபந்தனை உண்மையா என்று பார்ப்பது என் பொறுப்பு. நம் தணிக்கைத் தரநிலை எஸ்ஏ 402 கேட்பதும் அதைத்தான்.

விலகியவர்களிலிருந்து தொடங்கினேன். அந்த ஆண்டில் 186 பேர் விலகியிருந்தார்கள். 25 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் மூன்று தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்: மனிதவளத் துறைக் கோப்பில் கடைசி வேலைநாள், பேரோலுக்குத் தகவல் போன நாள், கடைசியாகச் சம்பளம் ஏறிய மாதம். இருவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகப் போயிருந்தது. இருவருமே மாதத்தின் 20-ஆம் தேதிக்குப் பிறகு திடீரென விலகியவர்கள். கோப்பு அனுப்பக் கடைசி நாள் 20. அதற்குப் பிறகு விலகுபவரின் சம்பளத்தை நிறுத்திவைக்கச் சொல்லித் தனி மின்னஞ்சல் போக வேண்டும், போகவில்லை. அடுத்த மாதக் கோப்பில் விலகியவர் பட்டியலிலும் பெயர் விட்டுப்போயிருக்கிறது.

186 பேரையும் பார்க்கச் சொன்னோம். ஆறு பேர். மொத்தம் 5.1 லட்சம் ரூபாய். நால்வருக்கு இறுதிக் கணக்குத் தீர்க்கும்போது பிடித்துவிட்டார்கள், மீதி இருவரிடமிருந்து 1.4 லட்சம் வர வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய தவறு கணக்கைப் பாதிக்கும் என்று நாங்கள் வைத்த முக்கியத்துவ வரம்போடு ஒப்பிட்டால் சிறிய தொகைதான். ஆனால் மாற்ற அறிக்கையின் ஒப்புதல் மின்னஞ்சல்களைப் பார்த்தபோது தொகை பின்னுக்குப் போய்விட்டது. ஒரு மாதம் அறிக்கை வந்த 11-ஆவது நிமிடத்தில் "ஒப்புதல்" என்று பதில் போயிருந்தது. 1,100 வரிகள், 11 நிமிடங்கள். பேரோல் நிறுவனம் தன் பக்கத்தில் எந்தத் தவறும் செய்யவில்லை. கொடுத்ததை அப்படியே கணக்கிட்டது. ஆகவே அவர்களுடைய அறிக்கை எத்தனை சுத்தமாக இருந்தாலும் இந்த ஓட்டை அதில் தெரிந்திருக்காது.

"மேடம், இதை நீங்கள் எப்படிச் சரிபார்ப்பீர்கள்?" என்று மனிதவளத் துறை அலுவலரிடம் கேட்டேன். "மொத்தத் தொகை போன மாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன் சார்" என்றார். நேர்மையான பதில். நூறு பேர் சேர்ந்து எண்பது பேர் போகும் மாதத்தில் அந்தப் பார்வையில் எதுவும் சிக்காது. அதனால் அந்தக் கட்டுப்பாட்டை நம்புவதை விட்டுவிட்டோம். பன்னிரண்டு மாதங்களுக்கும் தொடக்க எண்ணிக்கை, கூட்டல் சேர்ந்தவர், கழித்தல் விலகியவர் என்று போட்டு, பதிவேட்டில் உள்ள தலைகளோடு ஒப்பிட்டோம். பதிவேட்டின் நிகரத் தொகையை வங்கியில் போன தொகையோடும் பொருத்தினோம்.

இப்போது அந்தக் கடைசி மூன்று மாதங்கள். இடைவெளியைக் கேட்டதும் பேரோல் நிறுவனம் ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது: ஜனவரி முதல் மார்ச் வரை கட்டுப்பாடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று. இதைப் பிரிட்ஜ் லெட்டர் என்பார்கள். எழுதுவது அந்த நிறுவனத்தின் நிர்வாகம்; எந்தத் தணிக்கையாளரும் அதைச் சோதித்திருக்க மாட்டார். அதை மட்டும் வைத்துக்கொண்டு கடந்துபோக முடியாது, அதுவும் இந்தக் காலாண்டில். ஏனென்றால் ஊழியர்கள் முதலீட்டுச் சான்றுகளைக் கொடுப்பதும், ஆண்டு முழுமைக்குமான வருமான வரிப் பிடித்தம் சரிசெய்யப்படுவதும் இந்த மாதங்களில்தான்.

எங்கே தோண்டுவது என்பதை அறிக்கையே காட்டியது. தணிக்கையாளரின் கருத்து சுத்தமானது. ஆனால் சோதனை முடிவுகள் உள்ள நாலாம் பகுதியில், முதலீட்டுச் சான்றுகளைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டில் 40 மாதிரிகளில் 3-க்கு இரண்டாம் நிலைச் சரிபார்ப்பின் தடயம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். கடைசிப் பகுதியில் நிர்வாகம் "பயிற்சி அளித்துவிட்டோம்" என்று பதில் தந்திருந்தது. அந்தப் பகுதி தணிக்கைக்கு உட்படாதது. அந்த 40 மாதிரிகளும் பல வாடிக்கையாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. எங்கள் வாடிக்கையாளரின் ஊழியர் ஒருவராவது அதில் இருந்தாரா என்பதை அறிக்கை சொல்லாது.

30 ஊழியர்களின் வரியை நாங்களே கணக்கிட்டோம். 2023-24-இல் புதிய வரி முறைதான் இயல்பான தேர்வு. பழைய முறை வேண்டும் என்று சொன்னவருக்கு மட்டுமே பழையது. அந்தத் தேர்வு எல்லோருக்கும் சரியாக இருந்தது. ஒருவர் விஷயத்தில் தவறு கிடைத்தது. பழைய முறையில் 80சி பிரிவில் 1 லட்சம் முதலீடு செய்யப்போவதாகச் சொன்னவர், சான்று எதையும் தரவில்லை; கழிவு அப்படியே விடப்பட்டிருந்தது. அவர் 30 சதவீத அடுக்கில் இருப்பவர். 4 சதவீத மேல்வரியோடு சேர்த்தால் 31,200 ரூபாய் குறைவாகப் பிடிக்கப்பட்டிருந்தது. குறைவாகப் பிடித்தால் வட்டி நிறுவனத்தின் தலையில். பழைய முறையில் இருந்த மற்ற எல்லோரின் சான்றுகளையும் நிறுவனமே மறுபடி பார்த்தது. இன்னும் நான்கு பேர் கிடைத்தார்கள்.

எங்கள் தணிக்கை அறிக்கையில் பேரோல் நிறுவனத்தின் தணிக்கையாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கருத்து எங்களுடையது, கணக்குகள் சரி என்று சொல்லும் மாற்றமில்லாத கருத்தில் அவரைக் குறிப்பிடக் கூடாது. விலகியவர் விஷயமும் 11 நிமிட ஒப்புதலும் நிர்வாகத்துக்கான கடிதத்தில் போயின.

அறிக்கைக் காலத்தை மார்ச்சில் முடிக்க முடியுமா என்று பேரோல் நிறுவனத்திடம் கேட்கச் சொன்னோம். தங்கள் வாடிக்கையாளர்களில் பலர் டிசம்பரில் ஆண்டை முடிக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், மாற்ற இயலாது என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டுக்கான திட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைக்கு ஆறு மனித நாட்களை ஒதுக்கி எழுதிவைத்தேன்.