கொக்குவில் வீட்டுச் செப்புக் குழாய்க் கசிவு: வேலைக் குறிப்புகள்

மார்ச் 4

கொக்குவிலில் ஒரு வீடு. மேல்தளத்தில் சோலர் சுடுதண்ணி, அதிலிருந்து குளியலறைக்கு 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய் இறங்குகிறது. எல்போ மூட்டு ஒன்றின் நட்டு ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு கட்டியிருக்கிறது. சொட்டுச் சொட்டாக விழவில்லை, விரலை வைத்தால் மட்டும் ஈரம் ஒட்டுகிறது. எங்கட கிணற்றுத் தண்ணியில் சுண்ணாம்பு கூட, அது காய்ந்துதான் வெள்ளை. பச்சை செம்பிலிருந்து வருவது.

"முந்தி வந்தவர் ரேப் சுத்தி நல்லா இறுக்கிவிட்டுத்தானே போனவர் தம்பி, பிறகும் ஏன் கசியுது?" என்று கேட்டா வீட்டு அன்ரி.

இது நட்டை இறுக்கிப் பொருத்துகிற கம்ப்ரஷன் மூட்டு, இதில் மரை தண்ணியை மறிப்பதில்லை. அதன் வேலை நட்டை இழுப்பது மட்டும். தண்ணியை மறிப்பது உள்ளே கிடக்கிற சின்ன வளையம், ஒலிவ். நட்டு இறுக இறுக அது இரண்டு பக்கச் சரிவுக்கும் நடுவில் நசுங்கி, உட்புறத்தால் குழாயைக் கவ்வும், முன்பக்கச் சரிவால் எல்போவின் வாயில் அமரும். தண்ணி தப்பக்கூடிய வழி இந்த இரண்டும்தான், மரையில் எத்தனை சுற்று ரேப் சுற்றினாலும் இரண்டில் ஒன்றும் அடைபடாது. நட்டு இறுகிவிட்டது என்று கை நம்புவதற்கு மட்டும் அது உதவும்.

மார்ச் 5

தண்ணியை மறித்து, குழாய் ஆறியதும் கழற்றினேன். ஒலிவ் குழாயின் நுனியிலேயே கடித்திருக்கிறது, அதற்கு அங்கால் இரண்டு மில்லிமீற்றர்தான் மிச்சம். அந்த நுனியும் உள்நோக்கி ஒடுங்கி, பென்சில் முனை போல. கடி அடையாளம் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் தேய்த்த கோடு மாதிரி.

இதைப் பார்த்தாலே கதை விளங்கும். குழாய் எல்போவுக்குள் இருக்கும் தடுப்பு வரை போகவில்லை, கொஞ்சம் சரிந்தும் நின்றிருக்கிறது. முழுக்கப் போயிருந்தால் எல்போவின் துளை குழாயை நேராகப் பிடித்திருக்கும், ஒலிவுக்கும் கவ்வ நல்ல உருண்டையான இடம் கிடைத்திருக்கும். நுனியில் இருந்ததால் இறுக்க இறுக்க குழாய்தான் உள்ளே ஒடுங்கியது, பிடி இறுகவில்லை. அப்புறம் ஸ்பானரில் இன்னும் பலம் கொடுத்தால் இன்னும் ஒடுங்கும், அவ்வளவுதான்.

நசுங்கிய பகுதியை வெட்டினால் குழாய் கட்டையாகிவிடும், ஆகவே அந்தத் துண்டையே மாற்றினேன். இரும்பு வாளால் வெட்டினால் நுனி சரிந்து போகும் என்பதால் உருளைக் கட்டரால், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக இறுக்கி வெட்டினேன். கட்டர் உள்ளே ஒரு விளிம்பைத் தள்ளிவிடும், அதைச் சுரண்டி எடுத்து, வெளி ஓரத்தையும் லேசாக அரத்தால் தொட்டேன். முக்கியமாக, ஒலிவ் இருக்கப்போகும் இடத்தில் நீளவாக்கில் கீறல் இருக்கக்கூடாது. குறுக்குக் கீறல் பெரும்பாலும் பரவாயில்லை, நீளக் கீறல் ஒலிவின் அடியால் போகிற வாய்க்கால். குறட்டால் குழாயைப் பிடித்தவர்களின் மூட்டுகள் கசிவது இதனால்தான்.

எல்போவின் ஆழத்தை அளந்து குழாயில் பேனையால் கோடு போட்டேன். முதலில் நட்டு, பிறகு புது ஒலிவ். அது கையால் தள்ள வழுக்கிப் போகவேண்டும், அடித்து ஏற்ற வேண்டியிருந்தால் குழாய் உருண்டையாக இல்லை, அல்லது அளவு வேறு. குழாயைக் கோடு வரை அழுத்திப் பிடித்தபடியே நட்டைக் கையால் இறுக்கினேன், ஏனென்றால் விட்டால் குழாய் பின்னால் வந்துவிடும். பிறகு எல்போவை ஒரு ஸ்பானரால் பிடித்து, மற்றதால் ஏறத்தாழ ஒரு சுற்று. 15 மில்லிமீற்றருக்கு இது பொதுக் கணக்கு, பெட்டியில் வேறு சொன்னால் அதையே கேட்கவேண்டும்.

மார்ச் 9

மத்தியானம் சுடுதண்ணி ஓடும்போதும், மறுநாள் விடியற்காலை குழாய் குளிர்ந்திருக்கும்போதும் காய்ந்த ரிசுத் தாளை மூட்டைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். செம்பு சூட்டில் நீண்டு குளிரில் சுருங்குவதால் ஒரு வேளை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு தரமும் தாள் காய்ந்தே இருந்தது.

கூட வந்த பொடியன் அந்தக் குழாயில் இன்னொரு மூட்டையும் பார்த்து, "அண்ணை, இதையும் இன்னும் இறுக்குவமா?" என்றான். அது கசியவில்லை, தொடவேண்டாம் என்றேன். கசிகிற மூட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கிப் பார்க்கலாம். நின்றால் சரி. நிற்காவிட்டால் கழற்றி, ஒலிவ் எங்கே கடித்திருக்கிறது என்று பார்க்கவேண்டியதுதான்.